முப்பது நொடி நிற்கும் இளஞ்சிவப்பு

கருங்கல் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ரெஜிலாவைப் பற்றி அங்கே படித்த யாரிடம் கேட்டாலும், முதலில் அவள் வாங்கிய பட்டத்தைச் சொல்லமாட்டார்கள். கையைத்தான் சொல்வார்கள். பியூரெட் என்கிற அளவுக் குழாயின் திருகை இடது கையால் பிடித்து, வலது கையால் குடுவையைச் சுழற்றி, கடைசிச் சொட்டைப் பாதியாக நிறுத்தி, அந்தப் பாதியைக் குடுவையின் விளிம்பில் தொட்டு எடுக்கிற கை. கரைசல் வெளுப்பிலிருந்து முப்பது நொடி கலையாமல் நிற்கும் லேசான இளஞ்சிவப்புக்கு மாறுகிற அந்த ஒரு சொட்டு அவளை ஏமாற்றியதே இல்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, மனுஷிக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டாமா? ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள், சபைப் பள்ளியில் படித்து, மார்த்தாண்டத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ப் பட்டம் வாங்கி, பத்து வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்து, பிறகுதான் நிலையான வேலைக்கு வந்தவள். அவள் வீட்டில் தங்கம் அதிகமில்லை. கண்ணும் கையும் இருந்தன.

அந்த வருடம் தவக்காலத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. காசநோய் என்றார் டாக்டர். நெறிக்கட்டியில் வருகிற வகை, இருமலில்லை, யாருக்கும் ஒட்டாது, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். நோயின் பெயரைக் கேட்டதுமே ரெஜிலாவுக்கு ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஊரில் அந்தப் பெயர் வெளியே வந்தால், சபையில் பக்கத்தில் உட்காருகிறவள்கூட ஒரு சாண் தள்ளி உட்காருவாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் புருஷன் ஜான்ரோஸிடம் மட்டும் சொன்னாள். கல்லூரியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரைகளை ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்து, காலையில் வெறும் வயிற்றில் முழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

மாத்திரை கொடுக்கும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கண்ணில் மங்கல் தெரிந்தாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று. ரெஜிலா சரியென்று தலையாட்டினாள். ஓணத்துக்கு ஜான்ரோஸ் கொடுத்துவிட்ட சிவப்புப் புடவை அவளுக்குத் தவிட்டு நிறமாகத் தெரிந்தபோது அவள் டாக்டரிடம் போகவில்லை. வீடியோ காலில் புருஷனைக் கேலி செய்தாள்.

"செவப்பு எடுத்தேன்னு சொன்னிய. இது சுட்ட செங்கல் மாதிரியில்லா இருக்கு."

"ஏட்டி, கடையில நல்லா செவப்பாத்தான் இருந்துது. லைட்டு அப்படி," என்றான் அவன். அவளும் விளக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியானாள். விளக்கு பாவம், பதிலா சொல்லப்போகிறது?

இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு வந்தது. இந்தத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தேர்வு நடத்துகிற ஆசிரியர் அதே கரைசலை எடுத்து, தானே ஒருமுறை தரம்பார்ப்பார், அதாவது நிறம் மாற எத்தனை மில்லி ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளப்பார். அவருக்கு வருகிற அளவுதான் சரியான விடை. பிள்ளையின் அளவு அதிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் விலகினால் முழு மதிப்பெண். அதற்கு மேல் விலகினால் பாதி. ஆசிரியரின் அளவை யாரும் சோதிப்பதில்லை. தராசுக்கே எடை போட்டுப் பார்க்கிறவர் யார்?

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைத் தயாரித்து அதன் வலிமையைக் கணக்கிட்டு வைத்திருந்தவர் துறைத்தலைவர் ஞானசிங். ரெஜிலா ஆக்சாலிக் அமிலத்தை இருபது மில்லி எடுத்து, நிறம் காட்டுவதற்கு ஃபினாஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அந்தக் கரைசலைச் சொட்டவிட்டாள். பதினெட்டு புள்ளி ஒன்பது. மறுபடியும் பதினெட்டு புள்ளி ஒன்பது. மூன்றாவது தடவையும் அதேதான். மூன்றும் ஒத்துப்போனதில் மனசு குளிர்ந்தது. அந்த எண்ணை விடைத்தாளில் எழுதிவிட்டாள்.

அந்த எண் எப்படியோ பிள்ளைகளுக்குப் போய்ச்சேர்ந்தது. எல்லா வருடமும் போய்ச்சேரும், அதுவும் ஒரு வழக்கம். சாயங்காலம் தாள்களைத் திருத்தினபோது வகுப்பு முழுக்க பதினெட்டு புள்ளி எட்டு, பதினெட்டு புள்ளி ஒன்பது என்றே இருந்தது. ஒரே ஒருத்தி மட்டும் பதினெட்டு புள்ளி நாலு என்று மூன்று தடவை எழுதியிருந்தாள். அவள் சுமைரா.

தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளை. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவரின் மகள். முதல் வருடத்தில் ரெஜிலாவின் கையைப் பார்த்துப் பார்த்தே வேதியியலில் விழுந்தவள். "எனக்கு லேபுல நிக்கிய வேலைதான் வேணும் மிஸ், நீங்க நிக்கிய மாதிரி," என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். அதனால்தான் ரெஜிலாவுக்குக் கோபம் அதிகமாக வந்தது. பிரியமான பிள்ளை தப்புப் பண்ணினால் ரத்தம் சீக்கிரம் கொதிக்கும். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"அரை மில்லி கொறைவு. அதுவும் ஒருக்கா இல்ல, மூணு தடவையும். கண்ண எங்க வச்சிட்டு வந்த நீ? கலர் வருகதுக்கு முன்னாலயே நிறுத்திட்டியா? இந்தக் கண்ண வச்சிக்கிட்டா லேபுக்குப் போகப்போற?"

சுமைரா தாளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பின்வரிசையில் ரிஜோ என்கிற பையன் தலையைக் குனிந்துகொண்டான். ரெஜிலா அதைக் கவனித்தாள், பாவம் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கோபத்தில்தான் அவள் அடுத்த வாரம் ஸ்லைடைத் தயாரித்தாள். தலைப்பு, தரம்பார்த்தல்: செய்முறை, பிழைகள், அறிக்கை. ஒரே பக்கத்தில் மூன்றையும் அடக்கியிருந்தாள். ஆய்வகத்துச் சுவரில் அதைப் போட்டுவிட்டு, முன்மேசையில் சுமைராவையும் ரிஜோவையும் நிறுத்தி, தேர்வுக்கு வைத்த அதே கரைசல்களோடு ஆளுக்கொரு பியூரெட்டைக் கொடுத்தாள். தான் சொல்லச் சொல்ல அவர்கள் செய்ய வேண்டும்.

"பியூரெட்ட எதுல கழுவணும்?" என்று கேட்டுத் தானே பதிலும் சொன்னாள். "தண்ணியில கழுவிட்டு, பொறவு ஊத்தப்போற கரைசல்லயே ஒருக்கா கழுவணும். தண்ணி ஒட்டியிருந்தா கரைசல் நேர்த்துப்போகும், அளவு கூடிக் காட்டும். குடுவைய நேர்மாறா. வாலைவடிநீர்ல மட்டும் கழுவணும். அதுல அமிலத்த விட்டுக் கழுவினா, பிப்பெட்டுல அளந்து விட்டதுக்கு மேல கொஞ்சம் அமிலம் உள்ள இருக்கும். அப்பவும் அளவு கூடும். புனல எடுத்துட்டியா ரிஜோ?"

ரிஜோ அவசரமாகப் புனலை எடுத்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அதுல இருந்து ஒரு சொட்டு விழுந்தா, நீ ஊத்தினது ஒண்ணு, படிக்கியது ஒண்ணு. நுனியில காத்துக் குமிழி இருந்தா மொதல்லயே விட்டுரணும். இடையில அது வெளிய போனா, குடுவைக்குள்ள போகாத கரைசலும் போனதாக் கணக்காகும். பிப்பெட்ட வாய வச்சு ஊதாதே. நுனியத் தொட்டு வச்சா போதும், கடைசியில நிக்கிய துளி அதோட கணக்குல ஏற்கனவே கழிச்சதுதான். அளவு படிக்கும்போது கண்ணு கரைசலோட மட்டத்துல இருக்கணும். அடிவளைவப் பாக்கணும். மேல இருந்து பாத்தா ஒரு எண்ணு, கீழ இருந்து பாத்தா வேற எண்ணு."

அடுத்த பாதிக்கு வந்தாள். அவளுக்குப் பிடித்த பாதி அது. பிழை செய்யாத மனுஷன் இல்லை, அதனால் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் படிப்பு என்பது அவள் எண்ணம்.

"தொடக்க அளவு, முடிவு அளவு ரெண்டையும் எழுதணும். வித்தியாசத்த மட்டும் எழுதாதே. ஒரு தடவ கூடுதலா ஊத்திட்டேன்னா அதை அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, ஏன் விட்டேன்னு பக்கத்துல எழுதணும். ஒத்து வந்த அளவுகளோட சராசரியத்தான் எடுக்கணும். பிழை ரெண்டு வகை. ஒருக்கா கூடி ஒருக்கா கொறைஞ்சு வருகது ஒண்ணு. அது திரும்பத் திரும்பச் செஞ்சா தேயும். இன்னொண்ணு எப்பவும் ஒரே பக்கம் இழுக்கும். அது நூறு தடவ செஞ்சாலும் போகாது. அளவெல்லாம் அழகா ஒத்துத்தான் வரும். ஒத்து வருகதுனால சரின்னு நெனச்சிரக் கூடாது. அதைக் கண்டுபிடிச்சா என்ன எழுதணும்? காரணம் என்ன, எந்தப் பக்கம் இழுத்துது, எவ்வளவு இழுத்துது, எந்த முடிவையெல்லாம் கெடுத்துது. நாலையும் எழுதணும்."

இதற்குள் இருவரும் முடித்திருந்தார்கள். ரெஜிலா இரண்டு குடுவைகளையும் எடுத்து வெள்ளை ஓட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

"ம். ரெண்டும் ஒண்ணுபோல வந்திருக்கு. முடிவு நிலை இதுதான். அளவச் சொல்லுங்க."

"பதினெட்டு புள்ளி நாலு," என்றான் ரிஜோ.

"பதினெட்டு புள்ளி ஒம்பது," என்றாள் சுமைரா.

"பாத்தியா? கவனமாச் செஞ்ச உடனே ஒனக்குச் சரியா வந்துட்டு," என்று ரெஜிலா அவள் தோளில் தட்டினாள். வகுப்பில் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது. அது பரவியது.

"என்ன சிரிப்பு?"

ரிஜோதான் சொன்னான். "மிஸ், ரெண்டும் எப்படி ஒண்ணுபோல? எனக்குள்ளது லேசாத்தான் இருக்கு. அவளுக்குள்ளது ரோஸ் மில்க் மாதிரியில்லா கெடக்கு."

ரெஜிலா மறுபடி குனிந்தாள். இரண்டு குடுவை. இரண்டிலும் சாம்பல் கலந்த ஏதோ ஒரு வெளுப்பு. ஒன்று கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தவிட்டு நிறப் புடவை ஞாபகத்துக்கு வந்தது.

"சுமைரா," என்றாள். "நீ எப்ப நிறுத்தின?"

சுமைரா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு லேசா பிங்க் வருகப்போ பதினெட்டு புள்ளி நாலுதான் மிஸ் வருகு. அன்னைக்கும் அதுதான் வந்துது. நீங்க எங்கண்ணு சரியில்லன்னு சொன்னிய. அதுக்குப் பொறவு நான் கலரப் பாக்கதில்ல. நீங்க சொன்ன அளவு வருகது வரைக்கும் ஊத்துவேன்."

ரெஜிலா வகுப்பைப் பார்த்து, வேற யாருக்கெல்லாம் அன்றைக்குப் பதினெட்டு புள்ளி நாலு வந்தது என்று கேட்டாள். ரிஜோ எழுந்தான்.

"எல்லாருக்கும் அதுதான் மிஸ் வந்துது. அவ மட்டுந்தான் அதை எழுதினா."

சுவரில் ஸ்லைடு அப்படியே நின்றது. காரணம், பக்கம், அளவு, கெடுத்த முடிவுகள். தன் கையால் அடித்த எழுத்தை ரெஜிலா படித்தாள். வகுப்பைப் போகச் சொல்லிவிட்டு, ஆய்வகத்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கண்ணுக்காக அழவில்லை. கண்ணுக்கான அழுகை பிறகு வந்தது.

மாத்திரை கொடுத்த மார்த்தாண்டத்து டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் படிக்கச் சொன்னார். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. எத்தாம்பியூட்டால் என்கிற மாத்திரை கண் நரம்பைப் பிடித்திருக்கிறது, அதை இன்றோடு நிறுத்துவோம் என்றார். பார்வை திரும்புமா என்று கேட்டாள். பெரும்பாலும் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை என்றார். நிறம் மாறித் தெரிந்த உடனே வந்திருக்கலாமே என்று கடிந்துகொண்டார். என்ன சொல்வது? விளக்கு சரியில்லை என்றா?

துறைத்தலைவர் ஞானசிங் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களுக்கே உரிய ஒரு வழி அவரிடம் இருந்தது. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் மூடிவிடுவது.

"அந்தப் பிள்ளைக்கு முழு மார்க்கையும் போட்டு விடுவோம் ரெஜிலா. மத்தவங்க பாட்டுக்குக் கெடக்கட்டு. வெறுதே எதுக்கு நீ ஒன் நோவு தீனத்த எழுதி ஊருக்குக் காட்டணும்? ஆம்பளையளே இதை வெளிய சொல்லமாட்டானுவ."

"காரணம் எழுதாம அளவ மட்டும் திருத்தினா அது பேரு அறிக்கை இல்ல சார்," என்றாள் ரெஜிலா. "கணக்கச் சரிக்கட்டுகது. நம்ம பிள்ளைய செஞ்சதும் அதுதான்."

எழுதினாள். நிறம் பிரித்தறியும் தன் பார்வை மருந்தால் குறைந்திருந்தது, அதனால் முடிவு நிலையைத் தாண்டி ஊற்றியிருக்கிறாள், அளவு அரை மில்லி கூடுதலாக வந்தது, இந்த வகுப்பின் தேர்வு முழுவதும் கெட்டது. மருந்தின் பெயரையும் எழுதினாள். நோயின் பெயரையும் எழுதினாள். ஞானசிங் தானே தரம்பார்த்துப் புதிய விடை வைத்தார். பதினெட்டு புள்ளி நாலு. எல்லாருக்கும் மறுதேர்வு என்று அறிவிப்பு வந்தது. சுமைராவுக்கு மட்டும் தேவையில்லை, அவளுடைய பழைய தாளே போதும் என்று இருந்தது.

செய்தி ஊருக்குள் போயிற்று. சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேசபாய் ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்தாள். ரெஜிலா நினைத்த மாதிரியே. நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடம் வேறெங்கோ இருந்தது.

அடுத்த செய்முறை வகுப்பில் அதே ஸ்லைடைப் போட்டாள். பிழைகள் என்ற இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. பார்ப்பவரின் கண். அதை அவளே படித்தாள், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு ரெஜிலா முன்மேசைக்கு வந்து பியூரெட்டை நிரப்பினாள்.

"சுமைரா, இங்க வா மக்கா."

சுமைரா வந்து நின்றாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்கண்ணுதான் சரியில்ல, ஒனக்குள்ளது சரி. அன்னைக்கு இந்த ரூமுல சரியாப் பாத்து, பாத்தத எழுதினது நீ மட்டும். மன்னிச்சிரு."

"சாரமில்ல மிஸ்," என்றாள் சுமைரா. பரவாயில்லை என்று மரியாதைக்குச் சொன்னது அது, ரெஜிலாவுக்குத் தெரிந்தது.

"எனக்கு இப்ப கலர் தெரியாது. திருக நான் பிடிக்கேன். நீ குடுவையப் பாத்து, நிறுத்தணும்னா நிறுத்துன்னு சொல்லு. ஒன் சொல்லுதான் கணக்கு."

சொட்டு விழத் தொடங்கியது. ரெஜிலா வலது கையால் குடுவையைச் சுழற்றினாள். கை மறக்கவில்லை. பதினேழு தாண்டியதும் வேகத்தைக் குறைத்தாள். பதினெட்டு. பதினெட்டேகால். ஒவ்வொரு சொட்டுக்கும் காத்திருந்தாள்.

"இப்ப?"

"தெரியல மிஸ்."

இன்னும் ஒரு சொட்டு. இன்னும் ஒன்று. முன்வரிசையில் யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். ரிஜோ வாயைத் திறந்து மூடினான். பியூரெட்டில் பதினெட்டரை தாண்டியது. ரெஜிலாவுக்கு எண் தெரிந்தது. எண்ணைப் பார்த்து நிறுத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லாப் பாரு மக்கா. ஒனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லு. வந்துட்டா?"

சுமைரா குடுவையைப் பார்க்கவில்லை. ரெஜிலாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எங்காவது விடை எழுதியிருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது.

"நீங்க சொன்னா வந்துட்டு மிஸ்," என்றாள்.

குடுவை வகுப்பு முழுக்கத் தெரியும்படி நல்ல சிவப்பாக இருந்தது. சுமைரா நிறுத்தச் சொல்லவில்லை, ரெஜிலா திருகை மூடவில்லை. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.